ஓ.பி.சி. சான்றிதழுக்குச் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் கூட்டி நிராகரிப்பதை நிறுத்தக் கோரி மனு

அனுப்புநர்:
மத்திய அரசுப் போட்டித் தேர்வுகளுக்குப் படிக்கும் மாணவ, மாணவியர்,
கிளை நூலக வாசகர் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: மத்திய அரசுப் பணிக்கான ஓ.பி.சி. (நான்-கிரீமிலேயர்) சான்றிதழ் விண்ணப்பங்களை விதிக்கு மாறாக நிராகரிப்பதும் தாமதப்படுத்துவதும் குறித்து.

பார்வை: இதே பொருளில் வட்டாட்சியர் அலுவலகத்திலும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் நாங்கள் அளித்த மனுக்கள். பதில் வரவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நம் வட்டத்தைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள கிராமங்களிலிருந்து பிள்ளைகள் இரண்டு பஸ் மாறி வந்துதான் கிளை நூலக மாடியில் படிக்கிறார்கள். பஸ் நிலையத்தின் பின்புறம் உள்ள இ-சேவை மையத்தில் ஓ.பி.சி. சான்றுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்களும் பெரும்பாலும் இவர்களே. அவர்கள் சார்பில் இம்மனுவைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம்.

1. எங்களிடம் உள்ள பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்று மாநில அரசுப் பணிக்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் உரியது. மத்திய அரசின் எஸ்.எஸ்.சி., ரயில்வே, வங்கி, யு.பி.எஸ்.சி. தேர்வுகளுக்கு அது போதாது. அவற்றுக்கு மத்திய அரசு வகுத்த படிவத்தில், வட்டாட்சியர் நிலைக்குக் குறையாத வருவாய் அலுவலர் தரும் ஓ.பி.சி. சான்று வேண்டும். விண்ணப்பதாரர் கிரீமிலேயரைச் சேர்ந்தவர் அல்லர் என்று 8.9.1993 நாளிட்ட 36012/22/93-Estt.(SCT) எண் குறிப்பாணையைச் சுட்டி அதில் எழுதியிருக்க வேண்டும். சாதியின் பெயர் தமிழ்நாட்டுக்கான மத்தியப் பட்டியலிலும் இருக்க வேண்டும். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதிகளும் அதில் இல்லை என்பதை நாங்கள் அறிவோம், ncbc.nic.in தளத்தில் சரிபார்த்த பிறகே விண்ணப்பிக்கிறோம்.

2. எங்களை அதிகம் வாட்டுவது வருமானக் கணக்கு. இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறோம்.

ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் என்ற வரம்பு 2017 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. அந்த 8 லட்சத்தில் எது சேரும், எது சேராது என்பதை 1993 குறிப்பாணையின் அட்டவணையே சொல்லிவிடுகிறது. வருமானச் சோதனையில் சம்பளத்தையும் விவசாய நில வருமானத்தையும் கூட்டக் கூடாது. வாடகை, வியாபாரம், வட்டி போன்ற பிற வருமானம் மட்டுமே கணக்கில் வரும். அதுவும் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் 8 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால்தான் கிரீமிலேயர். ஒரே ஓர் ஆண்டின் தொகையை வைத்து முடிவு செய்ய இடமில்லை.

நம் வட்டத்தில் வழக்கமாக வரும் விண்ணப்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தந்தை அரசுத் துறையில் உதவியாளர், அதாவது சி பிரிவு ஊழியர். மாதம் 80,000 ரூபாய் வீதம் ஆண்டுச் சம்பளம் 9,60,000. இரண்டு ஏக்கர் நெல் வயலில் வருவது 70,000. வீட்டு மாடியின் வாடகை 48,000. தாய்க்கு வருமானம் இல்லை. கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கையில் மூன்றையும் கூட்டி 10,78,000 என்று எழுதப்படுகிறது. 8 லட்சத்தைத் தாண்டியது என்று விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. விதிப்படி இந்தக் குடும்பத்தில் கணக்கில் எடுக்க வேண்டியது வாடகை 48,000 மட்டுமே.

சம்பளத்தைப் பார்க்காவிட்டால் அரசு ஊழியரை எப்படி அளப்பது என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். அதற்கும் அதே அட்டவணையில் பதில் இருக்கிறது. சம்பளத்துக்குப் பதில் பதவியைப் பார்க்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் நேரடி நியமனத்தில் ஏ பிரிவு அதிகாரியானவர் என்றால் பிள்ளை கிரீமிலேயர். இருவருமே நேரடி நியமனத்தில் பி பிரிவு என்றாலும் அப்படியே. ஒருவர் மட்டும் பி பிரிவு, அல்லது இருவரும் சி பிரிவு என்றால் சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் பிள்ளை கிரீமிலேயர் ஆகாது. அரசுப் பதவிகளோடு பதவி ஒப்பீடு செய்யப்படாத நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் சம்பளம் பார்க்கப்படும். அவர்களுக்கும் சம்பளத்தைத் தனியாகவும் பிற வருமானத்தைத் தனியாகவும் பார்க்க வேண்டும், இரண்டையும் ஒன்றாகக் கூட்டக் கூடாது என்று 14.10.2004 நாளிட்ட விளக்கக் கடிதம் தெளிவாக்கியுள்ளது. விவசாயத்துக்கும் இதே போல வேறு அளவுகோல் உண்டு. அங்கே வருமானத்தைப் பார்ப்பதில்லை, பாசன நிலத்தின் பரப்பைப் பார்க்க வேண்டும். நில உச்சவரம்பில் 85 சதவீதமோ அதற்கு மேலோ பாசன நிலம் இருந்தால்தான் கிரீமிலேயர். தமிழ்நாட்டில் ஐந்து பேர் வரையுள்ள குடும்பத்துக்கு உச்சவரம்பு 15 ஸ்டாண்டர்டு ஏக்கர். இரண்டு ஏக்கர்காரர் அதன் கிட்டேயே வரமாட்டார்.

இந்தப் பிழை எங்கே தொடங்குகிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். உதவித்தொகைக்கு வழங்கும் சாதாரண வருமானச் சான்றில் எல்லா வருமானமும் சேரும். அதற்கு அதுதான் முறை. அந்தச் சான்றின் தொகையை அப்படியே எடுத்து ஓ.பி.சி. விண்ணப்ப அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு கணக்கு ஐயா. இதைச் சொன்னால், "சாஃப்ட்வேர்ல மொத்த வருமானம்தான் கேட்குது" என்ற பதிலே வருகிறது.

3. திருமணமான பெண்களிடம் கணவரின் சம்பளச் சான்று கேட்கிறார்கள். கிரீமிலேயர் தகுதி பெற்றோரின் நிலையை வைத்தே முடிவாகும். விண்ணப்பதாரரின் சொந்தச் சம்பளமோ கணவர் அல்லது மனைவியின் சம்பளமோ அதில் வராது. ஏற்கெனவே சிறு வேலை ஒன்றில் இருந்துகொண்டு அடுத்த தேர்வு எழுதுபவர்களிடம் அவர்களுடைய சம்பளச் சீட்டைக் கேட்பதும் இதே தவறுதான்.

4. அடுத்தது தேதி. சாதிச் சான்று ஒருமுறை வாங்கினால் போதும். ஓ.பி.சி. சான்று அப்படியல்ல. 2025 குடிமைப்பணித் தேர்வுக்கு 2021-22, 2022-23, 2023-24 நிதியாண்டுகளின் அடிப்படையில், 1.4.2024 அன்றோ அதற்குப் பிறகோ, விண்ணப்பத்தின் கடைசி நாளுக்குள் வழங்கப்பட்ட சான்று வேண்டும் என்று யு.பி.எஸ்.சி. கேட்டது. அறிவிக்கை வெளியானது 2025 ஜனவரி 22. முதலில் குறித்த கடைசி நாள் பிப்ரவரி 11. நடுவில் இருந்தது மூன்று வாரம்கூட இல்லை. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று கோப்பு ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்க அது போதுமா?

அதனால்தான் ஏப்ரல், மே மாதங்களிலேயே விண்ணப்பித்து வைக்கிறோம். அப்போது வாங்கும் ஒரே சான்று அந்த நிதியாண்டு முழுவதும் வரும் தேர்வுகளுக்கு உதவும். ஆனால், "எந்தத் தேர்வுக்கு? நோட்டிஃபிகேஷன் காப்பி கொண்டு வா" என்று திருப்பி அனுப்புகிறார்கள். அறிவிக்கை வந்த பிறகு போனால், "இவ்வளவு நாள் என்ன செய்தாய்?" என்கிறார்கள். நாங்கள் எந்த மாதம்தான் வருவது? அறிவிக்கை நகல் இருந்தால்தான் சான்று தர வேண்டும் என்று எந்த விதியில் இருக்கிறது? இருந்தால் காட்டச் சொல்லுங்கள் ஐயா, நாங்கள் இனி கேட்கவே மாட்டோம்.

5. சான்று இல்லாவிட்டால் பொதுப் பிரிவில் எழுதிவிட்டுப் போ என்று சிலர் சொல்கிறார்கள். அது முடியாது.

2025 எஸ்.எஸ்.சி. பட்டதாரி நிலைத் தேர்வில் தணிக்கையாளர், வரி உதவியாளர் போன்ற பதவிகளுக்கு வயது 18 முதல் 27. வயதைக் கணக்கிடும் நாள் 1.8.2025. பொதுப் பிரிவில் 2.8.1998-க்கு முன் பிறந்தவர் இந்தப் பதவிகளைக் கேட்க முடியாது. ஓ.பி.சி.க்கு மூன்று ஆண்டு தளர்வு என்பதால் 2.8.1995 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு இடமுண்டு. 1996 மே மாதம் பிறந்த ஒரு பெண் ஓ.பி.சி. என்று குறித்து விண்ணப்பித்து, எல்லாக் கட்டத் தேர்வுகளிலும் தேறி, ஆவணச் சரிபார்ப்புக்குப் போகிறார். சான்று இல்லை, அல்லது கடைசி நாளுக்குப் பின் தேதியிட்டது என்றால் அவரைப் பொதுப் பிரிவாகக் கருதுவார்கள். பொதுப் பிரிவில் அவர் வயது கடந்தவர். மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் அந்தப் பதவிகளுக்கு அவர் பெயர் இல்லை. அடுத்த ஆண்டு வயது இன்னும் ஒன்று கூடும். வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு கூட்டல் தவறாகப் போனதற்கு ஒரு பெண்ணின் பல ஆண்டுப் படிப்பு போகிறது. இதை யார் திருப்பித் தருவது?

நீதிமன்றத்துக்குப் போனால் கிடைத்துவிடும் என்றும் நம்பி இருக்க முடியவில்லை. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவுச் சான்று தொடர்பான வழக்கில், குறித்த ஆண்டுக்குரிய சான்றைக் கடைசி நாளுக்குள் பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உறுதி செய்தது.

6. நிராகரிப்புக்குக் காரணம் எழுதுவதில்லை. "வருமானம் அதிகம்" என்ற இரண்டு சொல்தான். எந்த வருமானம், எந்த ஆண்டு, பெற்றோரில் யாருடையது என்று இல்லாமல் நாங்கள் எதை வைத்து மேல்முறையீடு செய்வது? மீண்டும் புதிதாகப் பதிவு செய்கிறோம். மீண்டும் அதே கூட்டல், அதே நிராகரிப்பு.

ஆகவே தாங்கள் தயவுசெய்து:

அ) ஓ.பி.சி. சான்றுக்கான அறிக்கையில் பெற்றோரின் பதவிப் பிரிவு, சம்பளம், விவசாயம், பிற வருமானம் ஆகியவற்றைத் தனித்தனியாக மூன்று ஆண்டுகளுக்கு எழுதவும், இவற்றை ஒன்றாகக் கூட்டாமல் இருக்கவும் எல்லாக் கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் வருவாய் ஆய்வாளர்களுக்கும் எழுத்துமூலம் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.

ஆ) ஏப்ரல் முதல் நாளிலிருந்தே, அறிவிக்கை நகல் கேட்காமல் விண்ணப்பங்களை ஏற்க வேண்டும்.

இ) கணவர் வருமானம் கேட்கக் கூடாது.

ஈ) நிராகரித்தால் எந்த விதியின்படி, எந்தத் தொகையின் பேரில் என்று எழுத வேண்டும். சம்பளத்தைக் கூட்டியதால் இந்த நிதியாண்டில் நிராகரித்த விண்ணப்பங்களை, புதிய கட்டணம் வாங்காமல் மறுபரிசீலனை செய்ய வேண்டும். எஸ்.எஸ்.சி. ஆவணச் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்து காத்திருப்பவர்கள் எங்களிலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய கோப்புகளையாவது முதலில் எடுக்க வேண்டும்.

புதிய சலுகை எதையும் நாங்கள் கேட்கவில்லை ஐயா. 1993 முதல் இருக்கும் விதியை எழுதியுள்ளபடி நடைமுறைப்படுத்தும்படிதான் கேட்கிறோம். முந்தைய மனுக்களைப் போல இதையும் "உரிய நடவடிக்கைக்கு" என்று அதே வட்டாட்சியர் அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பிவிடாமல், தாங்களே நேரில் பார்த்து உத்தரவிட வேண்டுகிறோம். சம்பளத்தைக் கூட்ட வேண்டாம் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள் ஐயா, உடனே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கிளை நூலக வாசகர் வட்ட மாணவ, மாணவியர்

இணைப்பு: நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களின் நகல்கள், 8.9.1993 குறிப்பாணை, 14.10.2004 விளக்கக் கடிதம் ஆகியவற்றின் நகல்கள், கையொப்பத் தாள்கள்.