முழு நேரம் வருகிறேன் என்று உடனே சொல்லிவிடாதே, பிள்ளை

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ "அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து முழு நேரமும் போகப்போறன் அப்பா, ஐந்து மாதம் வீட்டில் இருந்தது போதும்" என்று சொன்னபோது நான் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன். அம்மா பக்கத்தில் இருந்தாள், அவளுக்குச் சந்தோசம், அதைக் கெடுக்க மனம் வரவில்லை. இரவு முழுக்க அதையே யோசித்தேன். போனில் கதைத்தால் பாதியில் உனக்கு அழுகை வரும், எனக்கும் வரும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பெப்ரவரியில் வேலைப் பளுவால் களைத்து உனக்குச் சுகமில்லாமல் போனபோது "இரண்டு கிழமை நல்லாய்ப் படுத்து எழும்பு, சரியாகிவிடும்" என்று சொன்னவன் நான். அது பிழை. பதினாறு வருடம் இங்கே ஜெர்மனியில் தொழிற்சாலையில் பெட்ரீப்ஸ்ராட்டில், தொழிலாளர் சார்பாக முதலாளியோடு கதைக்கும் குழுவில் இருந்து, இப்படி விழுந்தவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை கூட்டம் பார்த்தவன், சொந்தப் பிள்ளைக்கு வந்தபோது ஊரில் காய்ச்சலுக்குச் சொல்வது போலச் சொல்லிவிட்டேன். அதற்காக வருந்துகிறேன்.

இப்படி வேலையால் வரும் நோயில் ஆள் மறுபடி விழுவது பெரும்பாலும் திரும்பிப் போன பிறகுதான். எங்கள் பகுதியில் இயந்திரம் செட் பண்ணுகிற ஒரு மனிதர் இருந்தார், நல்ல வேலைக்காரர். நான்கு மாதம் சுகவீன லீவில் இருந்துவிட்டு ஒரு திங்கட்கிழமை முழு ஷிப்டுக்கு வந்தார். முதல் கிழமை எல்லாரும் தோளில் தட்டினார்கள். மூன்றாவது கிழமை அதே இரண்டு இயந்திரத்தையும் அவரே பார்த்தார், அதே ஆள் பற்றாக்குறை, அதே மேற்பார்வையாளர். ஆறாவது கிழமை வாகனத் தரிப்பிடத்தில் காரை விட்டு இறங்க முடியாமல் இருந்தார். அவர் ஓய்வெடுத்தது காணாமல் இல்லை. அவரை விழுத்தின வேலை அவருக்காக அப்படியே காத்திருந்தது, அவ்வளவுதான்.

அதனால் எப்போது போவது என்பதை விட, எந்த வேலைக்குப் போகப்போகிறாய் என்பதை முதலில் யோசி.

நீ பொறுப்பாக இருக்கிற கிண்டர்கார்டனை நினைத்துப் பார். காலை ஐந்தரைக்கு உன் சொந்தப் போன் அடிக்கும், இன்றைக்கு வரமுடியாது என்று ஒருத்தி. நீ படுக்கையில் இருந்தே மற்றவர்களுக்கு அடித்து ஆள் தேடுவாய். ஆள் கிடைக்காவிட்டால் நீயே குழுவுக்குள் போய் நிற்பாய். நிர்வாக வேலைக்கு என்று உனக்குக் கணக்கில் இருந்த மணித்தியாலம் அங்கே போய்விடும், அந்த வேலையை இரவு ஒன்பது மணிக்குச் சமையலறை மேசையில் செய்வாய். பிள்ளைகளோடு நிற்பது உன்னைக் களைக்க வைத்ததாக நீ ஒரு நாளும் சொன்னதில்லை. உன்னைத் தின்றது, ஆள் போதாத நாளில் என்ன செய்வது என்ற முடிவை ஒவ்வொரு காலையும் தனியாக எடுத்ததும், அந்த ஓட்டையை உன் உடம்பால் அடைத்ததும்தான். ஆள் குறைந்தால் திறக்கும் நேரத்தைக் குறைப்பதா, ஒரு குழுவை மூடுவதா, பெற்றோருக்கு யார் சொல்வது என்பதெல்லாம் கிண்டர்கார்டனை நடத்துகிற சங்கத்தின் பொறுப்பு. அதை அவர்கள் எழுதி வைக்கவில்லை, நீ சுமந்தாய்.

இது விளங்கினால் என்ன மாற்றவேண்டும் என்பதும் தானாக வரும். நீ முன்பு சொன்ன 80 சதவீத வேலையை உதாரணத்துக்கு எடுத்துப் பார். 39 மணித்தியாலம் 31 ஆகும், 4,500 யூரோ மொத்தச் சம்பளம் 3,600 ஆகும். ஆனால் காலை ஐந்தரைப் போன் நிற்குமா? ஆள் தேடும் வேலை ஐந்தில் ஒரு பங்கு குறையுமா? வேலையைக் குறைக்காமல் நேரத்தை மட்டும் குறைத்தவர்கள் குறைந்த சம்பளத்துக்கு அதே வேலையைச் செய்வதைத்தான் நான் கண்டிருக்கிறேன். நேரத்தைக் குறைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. சங்கத்தின் மூன்று கிண்டர்கார்டனையும் சேர்த்து ஐம்பதுக்கு மேல் ஆட்கள் இருப்பதால் 2019இல் வந்த புரூக்கன்டைல்ட்சைட் உரிமையை நீ கேட்கலாம், ஒன்று முதல் ஐந்து வருடம் வரை குறைத்துவிட்டுப் பிறகு பழைய நேரத்துக்கே திரும்பலாம். ஆனால் மூன்று மாதம் முன்னதாக எழுதிக் கேட்கவேண்டும். ஆகவே அவசரம் இல்லை, முதலில் வேலையைத் திருத்து, பிறகும் தேவை என்று பட்டால் கேள்.

வேலையைத் திருத்தும் இடம் எது என்றால், உனக்கு வந்திருக்கிற அந்தக் கடிதம்தான். சுகமில்லாமல் இருந்தவர் வேலைக்குத் திரும்ப என்ன மாற்றலாம் என்று முதலாளியோடு கதைக்கிற பெம் கூட்டத்துக்கு அழைத்தது, நீ பயந்து அலுமாரியில் வைத்தாயே, அது. பன்னிரண்டு மாதத்தில் ஆறு கிழமைக்கு மேல் சுகமில்லாமல் இருந்த எவருக்கும் முதலாளி அதைக் கட்டாயம் அனுப்பவேண்டும். உன்னை நிறுத்துவதற்கு அனுப்பியதல்ல. போவதும் போகாததும் உன் விருப்பம், ஆனால் போ. என்ன வருத்தம் என்று அங்கே சொல்லவேண்டியதில்லை. டொக்டர் எழுதினது முதலாளிக்குத் தெரியாது, நீ வேலை செய்ய முடியாத நாட்கள் மட்டும்தான் தெரியும். "எனக்கு இப்படி ஆனது" என்று விளக்கப் போனால் கதை உன் குணத்தைப் பற்றித் திரும்பிவிடும், "நீங்கள் கொஞ்சம் இல்லை என்று சொல்லப் பழகவேண்டும்" என்பார்கள். நான் அதை எத்தனை தரம் கேட்டிருப்பேன். எது வேலையில் மாறவேண்டும் என்பதை மட்டும் கதை.

உன் இடத்தில் நான் இருந்தால் அவர்களிடம் மூன்று விசயம் கேட்பேன். காலை அழைப்பு உன் சொந்தப் போனுக்கு வரக்கூடாது, சங்கத்தின் ஒரு போன், அதை மூன்று கிண்டர்கார்டன் பொறுப்பாளர்களும் கிழமை மாறி மாறி வைத்திருக்கவேண்டும். இத்தனை ஆள் வந்தால் இன்னது, அதற்குக் கீழே என்றால் இன்ன நேரத்துக்கு மூடுவது என்று ஒரு பக்கத்தில் எழுதி, நிர்வாகக் குழு கையெழுத்து வைத்துப் பெற்றோருக்கும் அனுப்பவேண்டும். உன் நிர்வாக மணித்தியாலம் கிழமையில் இரண்டு குறித்த நாளில், குழுவுக்குள் இழுக்க முடியாதபடி இருக்கவேண்டும். இதில் நடுவில் உள்ளதுதான் மிக முக்கியம், அதற்குத்தான் அவர்கள் அதிகம் மறுப்பார்கள், பெற்றோர் கத்துவார்கள் என்பார்கள். விடாதே. ஒத்துக்கொண்டது எதுவானாலும் யார், எந்தத் திகதிக்குள் என்று எழுத்தில் வாங்கு.

அப்புறம் திரும்பிப் போகிற முறை. ஹம்பூர்க் முறை என்று சொல்கிறார்களே, டொக்டரோடு இருந்து படிப்படியாகத் திட்டம் போடுவது. உனக்கு நான் நினைப்பது பத்துக் கிழமை: முதல் இரண்டு கிழமை ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம், அடுத்த மூன்று கிழமை நான்கு, பிறகு மூன்று கிழமை ஐந்து, கடைசி இரண்டும் ஆறு. டொக்டர் வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதுதான் சரி. இந்தக் காலம் முழுக்கச் சட்டப்படி நீ இன்னும் சுகமில்லாதவள்தான், சம்பளம் இல்லை, சுகாதாரக் காப்புறுதிப் பணம் தொடர்ந்து வரும். அதனால் உன்னை ஆள் கணக்கில் சேர்க்கவே கூடாது. "இன்றைக்கு மட்டும் குழுவில் நில்" என்று ஒரு முறை ஒத்துக்கொண்டால் திட்டம் அன்றோடு முடிந்தது. மணித்தியாலம் எத்தனை என்று மட்டும் எழுதாமல் எந்தப் படியில் எந்த வேலை என்றும் எழுதச் சொல். காலை அழைப்பை எட்டாவது கிழமை வரை தொடாதே.

பணம் பற்றி அம்மா கேட்டாள், கணக்குப் பார்த்தேன். சுகாதாரக் காப்புறுதி தருவது உன் மொத்தச் சம்பளத்தில் 70 சதவீதம், 3,150, ஆனால் கையில் வரும் 2,850இன் 90 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, ஆக 2,565, அதில் காப்புறுதிக் கழிவுகள் போக ஏறக்குறைய 2,250. இறுக்கம்தான், ஆனால் பட்டினி இல்லை. ஒரே வருத்தத்துக்கு மூன்று வருடத்துக்குள் 78 கிழமை வரை இந்தப் பணம் கிடைக்கும், முதலாளி சம்பளம் தந்த முதல் ஆறு கிழமையும் அதற்குள்தான். நீ இருபத்திரண்டு கிழமைதான் தாண்டியிருக்கிறாய். பணம் முடிகிறது என்று ஓடவேண்டிய நிலை இல்லை. வாடகையில் இடித்தால் நாங்கள் இருக்கிறோம், அதைக் கேட்க வெட்கப்படாதே.

வேலையை விட்டே விடலாமா என்றும் ஒரு முறை கேட்டாய். இப்போது வேண்டாம். நீயாக எழுதிக் கொடுத்தால் வேலையில்லாக் காலப் பணத்தைப் பன்னிரண்டு கிழமை வரை நிறுத்தலாம். அதைவிடப் பெரிய காரணம், களைத்த தலையோடு எடுக்கிற முடிவு எல்லாம் ஒரே முடிவாகத்தான் இருக்கும், ஓடிவிடு என்பது. அந்த மூன்று விசயத்தையும் அவர்கள் செய்யவே இல்லை என்று பத்தாவது கிழமை கண்டால், அப்போது நானே உனக்கு வேறு இடம் தேடுகிறேன்.

சரியாகப் போகிறதா என்று எப்படித் தெரியும்? வேலை முடிந்து களைப்பது பரவாயில்லை, அது வரும். அடுத்த நாள் காலையும் அந்தக் களைப்பு அப்படியே இருந்தால் கவனி. மூன்று மணிக்கு விழித்து ஆள் கணக்குப் போடுகிறாயா, ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறாயா, பிள்ளைகளின் சத்தம் எரிச்சல் தருகிறதா. ஒரு சின்னக் கொப்பியில் தினமும் இரண்டு வரி எழுது, எத்தனை மணித்தியாலம் வேலை, எப்படி நித்திரை. தொடர்ந்து ஒரு கிழமை கூடாமல் போனால் அடுத்த படிக்குப் போகாமல் டொக்டரிடம் போ, அதே படியில் இன்னும் இரண்டு கிழமை நிற்கலாம். நின்றதற்கு யாரும் உன்னைத் தண்டிக்க முடியாது. எங்கள் இயந்திரக்காரர் இரண்டாவது தரம் இப்படித்தான் வந்தார், நான்கு மணித்தியாலப் படியில் ஐந்து கிழமை நின்றார், ஒரு இயந்திரம்தான் பார்ப்பேன் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு வந்தார். பென்சன் எடுக்கும் வரை அங்கேயே வேலை செய்தார்.

உங்கள் சங்கத்தில் பெட்ரீப்ஸ்ராட் இல்லை. 2021இலிருந்து பெம் கூட்டத்துக்கு உனக்கு நம்பிக்கையான ஒருவரை, யாராக இருந்தாலும், கூட்டிப்போகலாம். உன் தோழி வந்தால் அவளே நல்லது, அவள் நிதானமாகக் கதைப்பாள். நான்தான் வேண்டும் என்றால் முதல்நாள் ரயிலில் வருகிறேன், நீ கேட்காமல் வாய் திறக்கமாட்டேன், எழுதி மட்டும் எடுப்பேன். அந்தக் கடிதத்தை அலுமாரியிலிருந்து எடுத்து, பதில் அனுப்பவேண்டிய திகதி எது என்று பார்த்து எனக்குச் சொல்.

அம்மா உனக்கு மிளகாய்த்தூள் அனுப்பியிருக்கிறாள், வெள்ளிக்கிழமை வரும்.

அன்புடன்,
அப்பா