பெரியம்மாவின் கொழும்புப் பென்சனும் லண்டன் பென்சன் கிரெடிட்டும்

அன்பு மகள்,

பெரியம்மா போனில் கதைத்தார். உனக்கும் சொல்லியிருப்பார். பெரியப்பா தவறிய பிறகு நான் இங்கே பிரதேச செயலகத்தில் அலைந்து எடுத்துக் கொடுத்த விதவைப் பென்சனை லண்டனில் அறிவித்தாராம், உடனே அவருடைய பென்சன் கிரெடிட்டில் கிழமைக்கு இருபது பவுணுக்கு மேல் வெட்டிவிட்டார்களாம். "இந்தப் பென்சன் எனக்கு வேண்டாம், நிறுத்திவிடு" என்கிறார். நிறுத்துவதற்கு முதல் நீ ஒருக்கால் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் பார்க்க வேணும். நான் அரைவாசி உத்தியோகக் காலம் பென்சன் கிளையில் இருந்தவன், உங்கள் பக்கத்து விதிகளையும் இப்போது வாசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பென்சன் கிரெடிட் என்பது ஒரு கோடு வரை நிரப்பிவிடும் காசு. தனி ஆளுக்கு அந்தக் கோடு 2025 ஏப்ரலில் தொடங்கிய வருஷத்துக்குக் கிழமைக்கு 227.10 பவுண். பெரியம்மாவின் அரசாங்கப் பென்சன் 92 பவுண், ஏனென்றால் அங்கே அவர் வேலை செய்தது கொஞ்சக் காலம்தானே. மிச்சம் 135.10ஐ பென்சன் கிரெடிட் நிரப்பியது. இங்கே இருந்து வருவது மாதம் 36,000 ரூபாய். ஒரு பவுண் 400 ரூபாய் என்று வைத்தால் 90 பவுண். அதைப் பன்னிரண்டால் பெருக்கி ஐம்பத்திரண்டால் பிரித்தால் கிழமைக்கு 20.77. ஆகவே கிரெடிட் 114.33க்கு இறங்கிவிட்டது. கூட்டிப் பார், முன்னரும் 227.10, இப்போதும் 227.10. கொழும்புப் பென்சனால் அவர் கையில் ஒரு சதமும் கூடவில்லை, குறையவும் இல்லை. எரிச்சல் வரும்தான். ஆனால் வெட்டு என்று அவர் நினைப்பது நட்டம் இல்லை என்பதை முதலில் விளங்கப்படுத்து.

காசு இங்கே வங்கியிலேயே கிடக்கிறது, லண்டனுக்கு வரவில்லை என்று சொல்லித் தப்பவும் முடியாது. வெளிநாட்டுப் பென்சனும் வருமானம்தான். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும், கிரெடிட்டைக் கூட்டுவதற்காகவே விட்டார் என்று பட்டால், அந்த 20.77 இன்னும் வருகிற மாதிரியே கணக்கில் வைத்துக்கொள்ளலாம். அப்போதுதான் உண்மையான நட்டம். சொல்லாமல் மறைத்தால் பிறகு கூடக் கொடுத்ததை எல்லாம் திருப்பிக் கேட்பார்கள், தண்டமும் போடலாம். அறிவித்தது சரி. அதற்காக அவரை ஏசாதே.

இனி நீ பார்க்க வேண்டியது அந்தக் கடிதம். அதில் எந்தெந்த வருமானத்தைக் கிழமைக்கு எவ்வளவு என்று எடுத்தார்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும். நான் போட்ட மாதிரி நீயும் கணக்குப் போட்டுப் பார். மாதக் காசை நாலால் பிரித்திருந்தால் 22.50 என்று வரும், அது பிழை. ரூபாயைப் பவுணாக்க வங்கி எடுக்கும் கட்டணத்தை வருமானத்தில் சேர்க்கக் கூடாது, அதையும் பார். எந்த நாணய மாற்று விகிதத்தை எடுத்தார்கள் என்றும் கேள். பிழை இருந்தால் கடிதத் திகதியில் இருந்து ஒரு மாதத்துக்குள் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்க வேணும், அதைக் கடத்தாதே. இந்தக் கணக்கை gov.uk தளத்தில் உள்ள பென்சன் கிரெடிட் கணிப்பானிலும் போட்டுப் பார்க்கலாம். பதில் ஒத்துவராவிட்டால் ஏஜ் யூகே, சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற இடங்களில் இலவசமாகப் பார்த்துச் சொல்வார்கள்.

சேமிப்பையும் மறக்காதே. காணி விற்ற பங்கு 28 இலட்சம் இங்கே அவர் பெயரில் வைப்பில் கிடக்கிறது, அது 7,000 பவுண். லண்டனில் 2,500 இருக்கிறது என்றார். 10,000 வரை கண்டுகொள்ள மாட்டார்கள். அதைத் தாண்டினால் ஒவ்வொரு 500க்கும், ஐந்நூறில் ஒரு பகுதி என்றாலும், கிழமைக்கு ஒரு பவுண் வருமானம் இருப்பதாக எடுப்பார்கள். மாதம் 90 பவுண் தொடாமல் சேர்ந்தால் ஆறு மாதத்தில் அந்த எல்லை வந்துவிடும். ஆகவே பென்சனை எடுத்துச் செலவழிக்கச் சொல்லு, பல் கட்டட்டும், நல்ல குளிர்ச்சட்டை வாங்கட்டும். இந்த மனுசிக்குச் செலவழிக்க வராது, அதுதான் கரைச்சல்.

நான் உண்மையில் பயப்படுவது வேறு இடத்தில். பெரியம்மாவோடு கோயிலுக்குப் போகிற அந்த டீச்சருக்கு, அரசாங்கப் பென்சனும் புருசனின் கம்பனிப் பென்சனும் சேர்த்து 230 பவுண் வருகிறதாம். கோட்டுக்கு மேலே 2.90தான். ஆனால் பென்சன் கிரெடிட் ஒரு பவுணாவது கிடைத்தால்தான் திறக்கிற கதவுகள் இருக்கின்றன: கவுன்சில் வரி முழுக்கக் கழியலாம், வாடகைக்கு உதவி முழுதாக வரலாம், பல் வைத்தியம் இலவசம், 75 வயதானால் தொலைக்காட்சி லைசென்ஸும் இலவசம். அந்த 2.90 பவுணால் டீச்சருக்கு இதெல்லாம் ஒன்றில் குறைகிறது, அல்லது இல்லாமலே போகிறது. சின்னப் பென்சன் உண்மையில் கடிப்பது இங்கேதான்.

அந்தக் கோடு எல்லாருக்கும் ஒரே உயரம் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. பெரியம்மாவுக்கு முழங்கால் இப்படி, குளிக்கவும் உடுக்கவும் ஆள் வேணும் என்று நீதானே சொன்னாய்? ஆறு மாதமாக அப்படி உதவி தேவைப்பட்டால் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் கேட்கலாம். குறைந்த வீதம் அதே வருஷக் கணக்கில் கிழமைக்கு 73.90 பவுண். அதை வருமானமாக எடுக்கவே மாட்டார்கள். அதோடு, தனியே இருப்பவருக்கு அது கிடைத்தால் கோட்டில் இன்னொரு 82.90 கூட்டுவார்கள். கோடு 310 பவுணாகும். பெரியம்மாவின் இரண்டு பென்சனும் சேர்ந்த 112.77ஐக் கழித்தால் கிரெடிட் 197.23, அலவன்ஸ் அதற்கு மேலே தனி. டீச்சருக்கும் அப்படியொரு உதவி தேவைப்பட்டால் 230 இருந்தும் 80 பவுண் கிரெடிட் வரும், மற்றக் கதவுகளும் திறக்கும்.

இதில் உன்னைப் பற்றியும் ஒரு விசயம் உண்டு. பெரியம்மாவைப் பார்ப்பதற்காக நீ கேரர்ஸ் அலவன்ஸ் எடுத்தால் அந்த 82.90 அவருக்குப் போய்விடும். அவரோடு நீ குடிபோனாலும் அநேகமாக அப்படித்தான். எடுக்க முதல் இரண்டு பக்கமும் கணக்குப் போடு.

அலவன்ஸ் படிவத்தை முதலில் போனில் கேள். ஆறு கிழமைக்குள் நிரப்பி அனுப்பினால் நீ போன் பண்ணிய நாளில் இருந்தே கணக்கு. நிரப்பும்போது பெரியம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் "எல்லாம் நானே செய்வேன்" என்பார், வழக்கம் போல. கெட்ட நாளில் குளியலறையில் எவ்வளவு நேரம் போகிறது, இரவில் எத்தனை தரம் எழும்புகிறார், யார் கை கொடுக்கிறார்கள், அதை எழுது.

இங்கே பென்சன் கூடினால் நான் உடனே உனக்கு அறிவிப்பேன், நீ அங்கே சொல்லிவிடு. வருஷா வருஷம் உயிர்வாழ் சான்றிதழ் கேட்பார்கள், அதை அவர் பிந்தாமல் அனுப்புகிறாரா என்று பார். கடிதத்தில் வருமானம் போட்ட பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடு, நான் ஒருமுறை கூட்டிப் பார்க்கிறேன். அம்மா மாசிக் கருவாடு அனுப்புவதா என்று கேட்கச் சொன்னார்.

அன்புடன்,
அப்பா
வெள்ளவத்தை