வலி நின்ற பல்லைப் பற்றி

அன்புள்ள மகளுக்கு,

மாப்பிள்ளை சொத்தைப் பல்லில் புகையிலைத் துணுக்கை அடக்கிக்கொண்டதாகவும், மூன்றாம் நாள் வலி அடியோடு நின்றுவிட்டதாகவும் நேற்று நீ நிம்மதியாகச் சொன்னாய். எனக்கு அந்த நிம்மதி வரவில்லை.

உன் வயதில் நானும் இதையே செய்தேன். இலையின் காரம் ஈறில் உறைத்தது. சற்று நேரத்தில் அந்த இடம் மரத்துப்போனது. புகையிலையில் உள்ள நிகோட்டின் நரம்பை முதலில் தூண்டிப் பிறகு மந்தப்படுத்துகிறதே தவிர, சொத்தையைக் குணமாக்குவதில்லை. நான்கு நாளில் வலி நின்றது; குணமாகிவிட்டதென்று நம்பினேன். இரண்டு வாரம் கழித்துத் தாடை வீங்கி, காய்ச்சல் கண்டு, வாயை ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்க முடியாமல் போனபோதுதான் பல் மருத்துவரிடம் சென்றேன். பல்லின் உள்ளே இருக்கும் உயிருள்ள சதையும் நரம்பும் செத்ததால்தான் வலி நின்றது என்றும், கிருமி வேர் நுனி வழியே எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டிவிட்டது என்றும் அவர் விளக்கினார்.

ஆகவே மாப்பிள்ளையிடம் இரண்டு கேள்வி கேள். முன்பு கூசிய குளிர்ந்த நீர் இப்போது அந்தப் பல்லில் சிறிதும் உறைக்காமல் போய்விட்டதா? கடிக்கும்போதோ விரலால் தட்டும்போதோ மட்டும் வலிக்கிறதா? ஆம் என்றால் பல் செத்திருக்கக்கூடும். வேர் சிகிச்சையோ பிடுங்குவதோதான் வழி. கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தாலும் சொத்தை சொத்தைதான்; மருத்துவர் பார்த்தாக வேண்டும். நாக்குக்கு அடியில் வீங்கினாலோ, விழுங்கவும் மூச்சு விடவும் சிரமப்பட்டாலோ அந்த நேரமே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். அந்த வீக்கம் மூச்சுப்பாதையை அடைத்துவிடக்கூடும்.

இலை இருந்த இடத்தில் துடைத்தாலும் போகாத வெண்படலம் உண்டா என்றும் கண்ணாடியில் பார்க்கச் சொல். அது புற்றுநோயாக மாறக்கூடியது. அங்கே இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தால் அதையும் காட்ட வேண்டும்.

பேரனின் முழங்கால் காயத்தில் புகையிலைச் சாம்பலைத் தூவியதாகவும் சொன்னாய். சாம்பல் ஈரத்தை உறிஞ்சுவதால் இரத்தம் நின்றதுபோல் தோன்றும். அடியில் மண்ணும் கிருமியும் அப்படியே மூடப்பட்டுவிடும், சிவப்போ சீழோ கண்ணுக்குத் தெரியாது. புகையிலைத் தூளாக இருந்தால் இன்னும் கெடுதல், ஏனெனில் தோலுரிந்த இடத்தின் வழியே நிகோட்டின் உடலுக்குள் சேர்ந்து, சிறு குழந்தைக்கு வாந்தியும் வியர்வையும் படபடப்பும் வரலாம். ஓடும் நீரிலும் சோப்பிலும் சாம்பல் முழுவதும் போகும்வரை கழுவு. இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடி. மண்ணில் விழுந்த காயம் என்பதால், அவனுடைய தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு, டெட்டனஸ் ஊசி தேவையா என்று நாளைக் காலையே கேட்டுவிடு.

அன்புடன்,
அப்பா