ஆஃபர் லெட்டரை அன்பாக மாற்றி எழுதும் எச்.ஆர். நண்பர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

"பணியாளர் இதன்மூலம் அறிவிக்கப்படுகிறார்" என்று தொடங்கும் ஆஃபர் லெட்டரை மாற்ற நீங்கள் முன்வந்திருப்பதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. வேலை கிடைத்த சந்தோஷத்தில் திறப்பவரை அது மிரட்டத்தான் செய்கிறது. ஆனால் தொனியை மாற்றும்போது நிபந்தனையும் கூடவே மாறிவிடுகிறது. புரபேஷன் பத்தியை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

பழைய வடிவம் இது: "பணியில் சேரும் நாள் முதல் பணியாளர் 6 மாதம் தகுதிகாண் பருவத்தில் இருப்பார். நிறுவனம் தன் விருப்பப்படி அதை மேலும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். எழுத்துமூலம் பணி உறுதி செய்யப்படும் வரை தகுதிகாண் பருவம் தொடரும்."

இதைப் பலரும் இப்படி மாற்றுகிறார்கள்: "முதல் 6 மாதம் நாம் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் காலம். தேவைப்பட்டால் நாம் அதைக் கொஞ்சம் நீட்டிக்கலாம். அப்புறம் நீங்கள் நிரந்தர ஊழியர்!"

படிக்க இனிமையாகத்தான் இருக்கிறது, ஆனால் 3 மாத வரம்பு "கொஞ்சம்" ஆகிவிட்டது, நிறுவனத்தின் விருப்பம் என்றிருந்த இடத்தில் "தேவைப்பட்டால்" என்று ஒரு புது நிபந்தனை முளைத்துவிட்டது, உறுதிக் கடிதம் காணாமலே போய்விட்டதால் காலம் முடிந்ததும் தானாக நிரந்தரமாகிவிடுவோம் என்றுதான் படிப்பவர் நம்புவார். எனக்கு இதையெல்லாம்விட உறுத்துவது "நாம்" என்ற சொல். நாம் என்றால் அதில் படிப்பவரும் சேர்த்தி, நீட்டிப்பதா வேண்டாமா என்பதில் அவருக்கும் பங்கு உண்டு என்று ஆகிவிடும். அந்த இடத்தில் "நாங்கள்" என்றுதான் வர வேண்டும்.

நான் எழுதினால் இப்படி: "நீங்கள் சேரும் நாளிலிருந்து 6 மாதம் புரபேஷன். இதை மேலும் 3 மாதம் வரை நாங்கள் நீட்டிக்கலாம், அது எங்கள் விருப்பப்படி எடுக்கும் முடிவு. உங்கள் வேலையை உறுதிசெய்து எழுத்தில் தரும்வரை நீங்கள் புரபேஷனில் இருப்பீர்கள்." பணியாளர் 'நீங்கள்' ஆனார், நிறுவனம் 'நாங்கள்' ஆனது, வாக்கியங்கள் சின்னதாயின, வேறெதுவும் மாறவில்லை. வரவேற்பை நிபந்தனைக்குள் திணிக்காமல் கடிதத்தின் தொடக்கத்தில் வையுங்கள்: ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தீர்கள், முதல் நாள் யார் வந்து அழைத்துப்போவார், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்கலாம் என்று.

இப்படி எளிதாக எழுதியதும் ஒரு ஓட்டை கண்ணில் படும், கவனித்தீர்களா? 9 மாதம் முடிந்தும் உறுதிக் கடிதம் வரவில்லை என்றால் என்ன ஆகும்? நீட்டிப்பு 3 மாதம் வரைதான் என்கிறது ஒரு வரி, எழுத்தில் வரும்வரை தொடரும் என்கிறது அடுத்த வரி. பழைய வடிவத்திலும் அதற்குத் தெளிவான பதில் இல்லை, சட்ட நடையில் அது மறைந்திருந்தது, அவ்வளவுதான். அதை நீங்களாக அடைக்க வேண்டாம், வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கடைசியாக, பழைய கடிதத்தைப் பார்க்காத ஒருவரிடம் புதியதை மட்டும் கொடுத்து, எத்தனை மாதம், யார் முடிவெடுப்பார், எது நடந்தால் புரபேஷன் முடியும் என்று எழுதித்தரச் சொல்லுங்கள். அவர் எழுதியதைப் பழைய பத்தியோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தபிறகு அனுப்புங்கள்.

அன்புடன்,
இந்தக் கடிதங்களைத் திருத்தும் ஒருவர்