சொற்பட்டியலில் ஒரு கட்டம் குறைகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து பி.எஸ்சி. நர்சிங் சேரும் பிள்ளைகளுக்கு ஆங்கில-தமிழ் சொற்பட்டியல் ஒன்றை அச்சிட்டுக் கொடுத்தால் போதும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். முதலாண்டுக்கு உடற்கூறியல் நடத்தியவள் நான். இரண்டே கட்டம் உள்ள பட்டியல் பாதிக் கிணறுதான் தாண்ட வைக்கும்.

'வெயின்' என்பதற்கு நேரே 'சிரை' என்று இருக்கும். பள்ளியில் படித்த சொல், உடனே பிடித்துக்கொள்வார்கள். ஆனால் வார்டில் சிரை என்று யார் சொல்கிறார்கள்? "நரம்பு கிடைக்கலியாம்மா?" என்றுதான் நோயாளி கேட்பார். புத்தகத்திலோ நரம்பு என்றால் 'நெர்வ்'. குளுக்கோஸை நெர்வில் ஏற்றுவதாகவே ஒரு மாணவி விடைத்தாளில் எழுதியிருந்தாள். அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

'மயக்கம்' இன்னும் சிக்கல். தலை சுற்றினாலும், கண் இருட்டினாலும், நினைவு தப்பினாலும் நம் மக்களுக்கு அது மயக்கம்தான். ஆங்கிலத்தில் தலை சுற்றும் 'வெர்டிகோ' வேறு, நினைவு தப்பும் 'சிங்கோப்பி' வேறு. ஆகவே மூன்றாவது கட்டத்தில் நோயாளி சொல்லும் பேச்சையும், "சுத்துதா, இருட்டிக்கிட்டு வந்துச்சா, விழுந்துட்டீங்களா?" என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டியதையும் எழுத வேண்டும்.

உச்சரிப்பைத் தமிழில் எழுதிப் படிப்பதில் ஒரு பள்ளம் இருக்கிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதியும் 'இலியம்', இடுப்பெலும்பும் 'இலியம்'. ஆங்கிலத்தில் நடு எழுத்து மாறும். முன்னதில் 'ஈ', பின்னதில் 'ஐ'. 'டிஸ்ஃபேஜியா', 'டிஸ்ஃபேசியா' இரண்டுக்கும் வேறுபாடு ஒரே எழுத்து. பக்கவாதம் வந்தவரிடம் இரண்டுமே இருக்கலாம். முதலாவது விழுங்கச் சிரமம், அடுத்தது பேச்சுச் சிரமம். பேச்சுதான் வரவில்லை என்று நினைத்து, விழுங்க முடியாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய்விடும். எனவே முதலில் ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கையால் எழுதிவிட்டு, பிறகு சொல்லை உடைக்க வேண்டும். 'டிஸ்' என்றால் சிரமம், 'ஃபேஜ்' என்றால் உண்பது. 'டிஸ்' பிடிபட்டுவிட்டால் நீர்க்கடுப்புக்கு 'டிஸ்யூரியா', மூச்சுத்திணறலுக்கு 'டிஸ்ப்னியா' எல்லாம் தானாக வரும்.

ஒரு நாளைக்கு எட்டுச் சொல் போதும். எங்கள் மாணவிகள் பெரும்பாலும் தமிழை மறைத்துக்கொண்டு, ஆங்கிலத்தைப் பார்த்துப் பொருள் சொல்லிப் பழகுவார்கள். தேர்வில் வேண்டியது அதற்கு நேர்மாறு. ஆங்கிலத்தை மறைத்துவிட்டு, தமிழைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுத்துப் பிழையின்றி எழுத வர வேண்டும். அன்றிரவு ஒருமுறை, மூன்றாம் நாள் வரிசையைக் கலைத்து ஒருமுறை எழுதிப் பார்த்தால் எது நிற்கவில்லை என்று தெரிந்துவிடும்.

கல்லூரிகள் பட்டியல் அச்சிடுவதாக இருந்தால் அந்த மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டுவிடட்டும். வயிற்றுப்போக்கை 'பேதி' என்பவரும் உண்டு, 'வயித்தால போகுது' என்பவரும் உண்டு. அதை மாணவிகளே வார்டில் கேட்டு நிரப்பிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் பயிற்றுநர்,
விருதுநகர்.