எதிர்தரப்பினர் கட்டத்தில் செயலியின் பெயரை எழுதாதீர்கள்

நுகர்வோர் புகார்களுக்கு மனு எழுதித் தரும் தமிழ்நாட்டுத் தன்னார்வ அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகும் மனுக்களில் பொருள் எது, என்றைக்கு வாங்கியது, என்ன பழுது, எவ்வளவு பணம் போனது என்பதை நீங்கள் கவனமாக எழுதுகிறீர்கள். இணைய வணிகப் புகார் என்று வந்துவிட்டால் மட்டும், எதிர்தரப்பினர் கட்டத்தில் "மேலாளர், இன்ன டாட் காம், பெங்களூரு" என்று எழுதி முடித்துவிடும் வழக்கம் இருக்கிறது. செயலியின் பெயர் வெறும் வணிகப் பெயர். அறிவிப்பைப் பெற்றுக்கொள்ளவும், ஆணையம் இடும் உத்தரவின்படி பணம் கட்டவும் சட்டத்தின் கண்ணில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் ஒரு கம்பெனி, கூட்டு நிறுவனம் அல்லது தனிமனிதர். பெயர் தவறினால் அறிவிப்பு திரும்பி வரும். அல்லது அதே குழுமத்தின் வேறொரு கம்பெனி வந்து "அந்தத் தளத்தை நடத்துவது நாங்கள் அல்ல" என்று பதில் மனு போடும். பிறகு பெயரைத் திருத்த ஒரு மனு, அதற்கு ஒரு வாய்தா.

சரியான பெயரைத் தளமே எழுதி வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளில் 4-ஆவது விதி, தளத்தை நடத்தும் நிறுவனத்தின் சட்டப்பெயர், தலைமையக முகவரி, வாடிக்கையாளர் சேவை விவரம், குறைதீர் அலுவலரின் விவரம் ஆகியவற்றைத் தளத்திலேயே தெளிவாகக் காட்டச் சொல்கிறது. கம்பெனிகளுக்கு இன்னொரு கடமையும் உண்டு. 2014-ஆம் ஆண்டின் கம்பெனிகள் பதிவு விதிகளில் 26-ஆவது விதிப்படி, இணையதளத்தின் முகப்புப் பக்கத்தில் பெயர், பதிவு அலுவலக முகவரி, CIN எனப்படும் கம்பெனி அடையாள எண் ஆகியவை இருக்க வேண்டும். ஆகவே பெயர் எங்கோ இருக்கிறது. சரியான இடத்தில் தேட வேண்டும், அவ்வளவுதான்.

செயலியில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அங்கே விதிமுறைகள் பக்கம் நாலைந்து தட்டலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். உள்ளே சொல் தேடும் வசதியும் பெரும்பாலும் இருக்காது. கணினியில் தளத்தைத் திறந்து, முகப்பின் அடிப்பகுதி வரை இறங்குங்கள். பொருள்கள் வந்துகொண்டே இருந்து அடிப்பகுதி பிடிபடாவிட்டால், ஏதாவது ஒரு உதவிப் பக்கத்துக்குப் போனால் அது நிலையாக நிற்கும். அங்கிருந்து விதிமுறைகள் பக்கத்தைத் திறந்து Ctrl+F அழுத்தி Limited, Ltd, LLP, incorporated, registered office, CIN என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். Private Limited என்று மட்டும் தேடினால், Pvt. Ltd. என்று சுருக்கி எழுதியிருப்பதும், பொதுக் கம்பெனியாக மாறியதும் தப்பிவிடும்.

தெளிவான பக்கம் எப்படி இருக்கும் என்பதற்கு ஃபிளிப்கார்ட்டை எடுத்துக்கொள்வோம். குறை சொல்ல அல்ல. அந்தத் தளத்தில் வேண்டியது எல்லாம் இருப்பதால். விதிமுறைகளின் தொடக்கத்திலேயே தளம் Flipkart Internet Private Limited என்ற கம்பெனிக்கு உரியது என்றும், அது 1956-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி அமைந்தது என்றும் வருகிறது. அடிப்பகுதியில் இருக்கும் கம்பெனி அடையாள எண் இது:

```
U51109KA2012PTC066107
```

மொத்தம் 21 எழுத்தும் எண்ணும். முதலில் உள்ள U, பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத கம்பெனி என்கிறது. பட்டியலிட்டதானால் L இருக்கும். அடுத்த ஐந்து இலக்கம் தொழில் வகை. KA என்றால் கர்நாடகம். தமிழ்நாட்டுக் கம்பெனிக்கு TN வரும். 2012 பதிவான ஆண்டு. PTC தனியார் கம்பெனி, PLC பொதுக் கம்பெனி. கடைசி ஆறு இலக்கம் பதிவு எண்.

ஃபிளிப்கார்ட் என்ற பெயர் 2007-இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. தளத்துக்கு உரிய கம்பெனியோ 2012-இல் பதிவானது. கடையின் வயதும் கம்பெனியின் வயதும் ஒத்துப்போகவில்லையே என்று யாரும் குழம்ப வேண்டாம், இது சாதாரணம். எண்ணில் உள்ள ஆண்டையும் விதிமுறைகளில் சொல்லும் சட்டத்தையும்தான் ஒப்பிட வேண்டும். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெரும்பகுதி 2014 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. 2012-இல் பிறந்த கம்பெனி 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொல்வது சரி. எண்ணில் 2019 இருந்து, விதிமுறைகள் "1956 சட்டப்படி அமைந்த" என்று சொன்னால், அந்தப் பத்தி வேறு யாருடைய பக்கத்திலிருந்தோ எடுத்து ஒட்டப்பட்டது என்று சந்தேகப்படலாம். புதிய தளங்களில் இப்படி ஒட்டிய பக்கங்களில், பழைய கம்பெனியின் பெயர்கூட ஓரிரு இடத்தில் நீக்கப்படாமல் கிடக்கும். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு மனு போட்டால், சம்பந்தமே இல்லாத ஒருவருக்கு அறிவிப்பு போகும்.

ஃபிளிப்கார்ட் குழுமத்தில் Flipkart India Private Limited என்றும் ஒரு கம்பெனி உண்டு. அது மொத்த வியாபாரத்துக்கானது. பெயரில் ஒரு சொல்தான் வேறு; ஆனால் நீங்கள் வாங்கிய தளத்தின் கம்பெனி அது அல்ல. இப்படிப் பிரித்து வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. வெளிநாட்டு முதலீடு பெற்ற சந்தைத் தளங்கள் தாங்களே சரக்கை வைத்து நேரடியாக நுகர்வோருக்கு விற்க இந்தியாவில் அனுமதி இல்லை. ஆகவே தளம் ஒரு கம்பெனி, மொத்த வியாபாரம் ஒன்று, பணப் பரிமாற்றம் ஒன்று என்று பிரிகின்றன.

இதனால் ஒரே தளத்தின் பல பக்கங்களில் பல பெயர்கள் வரும். தனியுரிமைக் கொள்கையில் குழும நிறுவனங்களின் பட்டியலே இருக்கலாம். பணப்பை, பரிசு அட்டை ஆகியவற்றின் விதிமுறைகளில் வேறு பெயர் இருக்கலாம். அமேசானின் இந்தியச் சந்தைத் தளம் Amazon Seller Services Private Limited-உடையது. அமேசான் பே Amazon Pay (India) Private Limited-உடையது. பொருள் பற்றிய புகாரும் பணப்பையில் இருந்த தொகை பற்றிய புகாரும் வெவ்வேறு ஆள்கள் மீது போக வேண்டியவை.

எந்தப் பெயரைப் பிடிப்பது? பெயரைவிட அதை ஒட்டி வரும் வினைச்சொல்லைப் பாருங்கள். "operated by" என்பதற்குப் பின் வருவது உங்களுக்கு வேண்டியது. "we", "us" என்றால் யார் என்று விளக்கும் வரியில் வருவதும் அதுவே. "trademark of", "licensed from" என்பதற்குப் பின் வருபவர் பெயருக்கு மட்டும் உரிமையாளர். சில வேளை வெளிநாட்டுத் தாய்க் கம்பெனி. "owned by" ஒரு பெயரும் "operated by" இன்னொரு பெயரும் இருந்தால் நடத்துபவரை முதலில் எழுதுங்கள். தாய்க் கம்பெனியின் பெயர் செய்தித்தாளில் அடிக்கடி அடிபடுவதால் அதையே எழுதும் தவறும் நடக்கிறது. சொமாட்டோவின் கம்பெனி 2025-இல் Eternal Limited என்று பெயர் மாற்றிக்கொண்டது. பிளிங்கிட் அதன் துணை நிறுவனம். ஆனால் பிளிங்கிட்டின் கம்பெனி Blink Commerce Private Limited. முன்பு Grofers India Private Limited என்று இருந்தது. பிளிங்கிட் தளத்தைப் பற்றிய புகாரில் Eternal-ஐ மட்டும் எழுதினால் தப்பிக்க வழி கொடுத்தவர் ஆவீர்கள்.

கிடைத்த பெயரைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் mca.gov.in தளத்தில் கம்பெனி அடிப்படை விவரப் பகுதியில் சரிபாருங்கள். கட்டணம் இல்லை. பெயர், எண், இன்றைய பதிவு அலுவலக முகவரி, கம்பெனி இயங்குகிறதா அல்லது பெயர் நீக்கப்பட்டதா என்பது தெரியும். விதிமுறைகள் பக்கத்தில் உள்ள முகவரி பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம். அறிவிப்பு அனுப்ப அமைச்சகத் தளத்து முகவரியே நல்லது.

எண்ணே இல்லாத சிறு கடைகளும் உண்டு. ஆடை, நகை விற்கும் பல சிறு தளங்களின் விதிமுறைகளில் கடைப்பெயரைத் தவிர எதுவும் இருக்காது. அங்கே வாங்கியபோது தந்த விலைப்பட்டியலில் உள்ள 15 எழுத்து ஜிஎஸ்டி எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் மாநிலம் (தமிழ்நாடு 33, புதுச்சேரி 34). அடுத்த பத்தும் பான் எண். மொத்த எண்ணில் ஆறாவது எழுத்து P என்றால் தனிமனிதர், F என்றால் கூட்டு நிறுவனம், C என்றால் கம்பெனி. gst.gov.in தளத்தில் அந்த எண்ணைத் தேடினால் சட்டப்பெயரும் வணிகப் பெயரும் தனித்தனியே வரும். தனிமனிதர் என்றால் அவர் பெயரை எழுதி, "இன்ன கடையின் உரிமையாளர்" என்று சேர்க்க வேண்டும்.

பெரிய தளங்களில் இதே விலைப்பட்டியல் எச்சரிக்கையாகப் படிக்க வேண்டியது. அதில் "Sold by" என்று வருபவர் விற்பனையாளர், தளம் அல்ல. பொருளில் குறை என்றால் இருவரையும் எதிர்தரப்பினராகச் சேர்ப்பது வழக்கம். 1, 2 என்று எண்ணிட்டு, யார் தளம், யார் விற்பனையாளர் என்று எழுதுங்கள். விற்பனையாளரின் முகவரி கிடைக்கவில்லை என்றால் வாங்கியவர் தளத்துக்கு எழுத்தில் கேட்கலாம். மின்வணிக விதிகளின் 5-ஆவது விதி அதைத் தரச் சொல்கிறது. குறைதீர் அலுவலர் புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்தப் பதில் மின்னஞ்சலின் கையெழுத்துப் பகுதியிலும் கம்பெனியின் பெயர் வரும், அதையும் ஒப்பிடுங்கள்.

வெளிநாட்டுத் தளங்களின் விதிமுறைகளில் நாட்டுக்கு ஒரு கம்பெனி இருக்கும். டெமு அமெரிக்காவில் Whaleco Inc., ஐரோப்பிய ஒன்றியத்தில் Whaleco Technology Limited. பக்கத்தை எந்த நாட்டுக்கான அமைப்பில் திறந்தீர்கள் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அனுப்பிய திரைப்பிடிப்பை நம்பி இங்கே மனு எழுதிவிடக் கூடாது.

"வழக்குகள் பெங்களூரு நீதிமன்றங்களில் மட்டுமே" என்ற வரியைப் பார்த்துப் பின்வாங்குபவர்களும் உண்டு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 34-ஆவது பிரிவு, புகார் செய்பவர் வசிக்கும் ஊரின் ஆணையத்திலேயே மனு போட அனுமதிக்கிறது. அந்த வரியிலிருந்து கம்பெனியின் முகவரியை ஊகிப்பதும் வேண்டாம்.

விதிமுறைகள் பக்கம் சொல்லாமல் மாறும். மனு எழுத உட்காரும் நாளில் உள்ள பக்கமும், பொருள் வாங்கிய நாளில் இருந்த பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. web.archive.org தளத்தில் பக்கத்தின் முகவரியை இட்டால் அந்தத் தேதியை ஒட்டிய பழைய படி பல நேரம் கிடைக்கும். இரண்டையும் பிடிஎஃப் ஆக எடுத்து, இணைய முகவரியும் தேதியும் தெரியும்படி மனுவோடு இணையுங்கள்.

எங்கள் கோரிக்கை உங்கள் மாதிரிப் படிவத்தைப் பற்றியது. எதிர்தரப்பினர் என்ற ஒற்றைக் கட்டத்தை நீக்கிவிட்டு, சட்டப்பெயர், கம்பெனி எண் அல்லது ஜிஎஸ்டி எண், அமைச்சகத் தளத்தில் உள்ள முகவரி, தளமா விற்பனையாளரா, எந்தப் பக்கத்தில் என்றைக்குப் பார்த்தது என்று ஐந்து வரிகளை அச்சிடுங்கள். செயலியின் பெயரை "என்ற பெயரில் வணிகம் செய்யும்" என்று சட்டப்பெயருக்குப் பின்னால் சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
இணைய வணிகப் புகார்களில் ஆவணம் சரிபார்க்கும் குழுவினர்