சீட்டாட்டமும் காலை ஷிப்டும்

ஆசிரியருக்கு,

'சொந்தக் காசில்தானே ஆடுகிறேன், யாருக்கு என்ன நஷ்டம்?' என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடலூர் சிப்காட்டில் என்னோடு வேலை செய்பவர் இரவு 2 மணி வரை காசு வைத்துச் சீட்டாடுவார். படுத்தாலும் தூக்கம் வராது. ஒரே சீட்டில் தவறிய ஆட்டத்தைக்கூட மூளை கிட்டத்தட்ட ஜெயித்ததாகவே எடுத்துக்கொண்டு பரபரக்கும். காலை 6 மணி ஷிப்டில் மீட்டர் அளவைத் தவறாக எழுதுகிறார். சுட்டிக்காட்டினால் எரிந்து விழுகிறார். வாயில் சாராய வாடை வராததால் சூப்பர்வைசருக்கும் சந்தேகமில்லை! தூக்கம் கெட்ட மூளைக்கு லாபம் பெரிதாகவும் நஷ்டம் சிறிதாகவும் தெரியும். அதனால் விட்டதைப் பிடிக்க அன்றிரவே மறுபடி உட்காருகிறார். இவரைப் போன்றவர்களும் வீட்டாரும் அரசின் மனநல உதவி மையமான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

- ஒரு தொழிலாளி, கடலூர் முதுநகர்